இந்த வருடப் பொங்கல் ஏற்காட்டில்

அத்தை, மாமா, அப்பா, அம்மா, நால்வருக்கும் வணக்கம். தனித்தனியாகப் பேசினால் ஒருவரிடம் சொன்னது இன்னொருவருக்கு வேறு மாதிரி போய்ச் சேரும். அதனால்தான் நாங்கள் இருவரும் பேசி, நால்வருக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

இந்த வருடம் பொங்கல் விருந்தை ஏற்காட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். காரணம் காபிதான். தை பிறக்கும்போது பழம் களத்தில் காயும். பகலில் கிளறிவிட வேண்டும், சாயங்காலம் பனி இறங்குவதற்குள் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். போன பொங்கலுக்கு அம்மாப்பேட்டை வந்த அப்பா, சாப்பிட்ட கையோடு மலை ஏறிவிட்டார். மாமாவே "இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாமே" என்று வருத்தப்பட்டார். இந்தத் தடவை அவர் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடட்டும்.

அத்தை, உங்கள் வாசலில் பொங்கல் வைக்காமல் வீட்டைப் பூட்டிவிட்டு வாருங்கள் என்று நாங்கள் ஒருநாளும் சொல்ல மாட்டோம். செவ்வாய் ராத்திரியே வந்துவிடுகிறோம். போகியன்று உங்களோடு வீடு கழுவி, வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ வைத்துக் காப்புக் கட்டுவோம். 15ஆம் தேதி வியாழன், சூரியன் வந்ததும் அங்கே பானை பொங்கட்டும். படைத்துவிட்டுக் கிளம்பினால் போதும், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மேலே இருப்போம். அம்மா, நீங்கள் மட்டும் அடுப்பைக் கொஞ்சம் தாமதமாகப் பற்ற வைக்க முடியுமா? அத்தையும் நீங்களும் சேர்ந்து பானைக்கு அரிசி போட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

மாமாவுக்கு வளைவில் தலை சுற்றும், முன் சீட் அவருக்குத்தான். 20 வளைவையும் இவர் நிதானமாக ஓட்டுவார். ராத்திரி குளிர் அத்தையின் இளைப்புக்கு ஆகாது என்பதால், வெயில் படுகிற தெற்கு அறையை அம்மா ஒதுக்கி வைக்கட்டும். வெந்நீருக்கு அங்கே குறையில்லை.

அப்பா, விருந்தே உங்கள் வீட்டில் நடப்பதால் பொங்கல் சீர் என்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். மாமாவும் அத்தையும் இதையேதான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். கரும்பும் மஞ்சள் கொத்தும் நாங்கள் சேலத்திலிருந்து கொண்டு வருகிறோம். மொச்சைக் குழம்பு மட்டும் அத்தை கையால்தான். அதை நான் யாருக்கும் விட்டுத் தர மாட்டேன்.

மாட்டுப் பொங்கலும் மேலேயே. சனிக்கிழமை ஆத்தூரிலிருந்து அண்ணியும் குழந்தைகளும் அம்மாப்பேட்டைக்கு வருகிறார்கள், அதற்குள் கீழே இறங்கிவிடுவோம். அடுத்த வருட விருந்து அம்மாப்பேட்டையில். அப்போது களத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்வது எங்கள் பொறுப்பு.

இதில் யாருக்காவது மனசு ஒப்பவில்லை என்றால், குரூப்பில் எழுதக் கூச்சமாக இருந்தால், எனக்கோ இவருக்கோ போன் பண்ணுங்கள். மாற்றிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் லீவு போட வசதியாக இருக்கும்.