மருந்து உறைகளில் உட்கொள்ளும் நேரம் எழுதும் முறை: மருந்தகப் பிரிவுச் சுற்றறிக்கை

நாள்: 03.06.2025
அனுப்புநர்: தலைமை மருந்தாளுநர், வட்ட அரசு மருத்துவமனை
பெறுநர்: வெளிநோயாளர் மருந்து வழங்கும் கவுன்டர்களில் பணிபுரியும் மருந்தாளுநர்கள், பயிற்சி மாணவர்கள்

16.06.2025 திங்கட்கிழமை முதல், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் எழுத்துக்கூட்டி மட்டும் படிப்பவர்களுக்கும் வழங்கும் எல்லா மருந்து உறைகளிலும் கீழ்க்கண்ட வாசகங்களையும் படமுத்திரைகளையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். யாருக்குப் படிக்கத் தெரியும் என்று முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்க இயலாது என்பதால், கேட்கத் தயங்கும் இடத்தில் எல்லோருக்கும் முத்திரை வைத்துவிடுவதே நல்லது.

1-0-1 என்ற குறியீடு மருத்துவர் நமக்கு எழுதுவது. அதை அப்படியே உறையில் எழுதித் தரும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். "தினமும் இரண்டு வேளை", "மூன்று வேளை" என்ற சொற்களும் வேண்டாம். நாளுக்கு இரண்டு முறை மட்டும் சாப்பிடுபவருக்கு மூன்று வேளை என்பது எந்த மூன்று என்று விளங்காது. எத்தனை முறை என்று சொல்வதை விட்டு, காலை, மதியம், இரவு எனப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனி வரியில் எழுதவும். மருந்து இல்லாத நேரத்தையும் "மதியம் வேண்டாம்" என்று எழுதிவிடவும்.

அரை மாத்திரையை ½ என்று எழுதக் கூடாது. அவசரக் கையெழுத்தில் அது 1, 2 என இரண்டு எண்களாகத் தெரிகிறது. "அரை மாத்திரை" என்று எழுத்தில் எழுதி, குறுக்குக்கோடு போட்ட வட்டத்தில் பாதியைக் கறுப்பாக்கிய முத்திரையை வைக்கவும்.

நேரத்துக்கு மூன்று முத்திரைகள் செய்யப்பட்டுள்ளன. காலைக்குக் கூவும் சேவல், மதியத்துக்குத் தலைக்கு மேல் சூரியனும் காலடியில் குட்டை நிழலுமாக நிற்கும் மனிதர், இரவுக்கு நட்சத்திரங்களின் கீழ்ப் பாயில் படுத்திருப்பவர். காலைக்கு உதிக்கும் சூரியனைப் போடாததற்குக் காரணம், அது மறையும் சூரியனிலிருந்து வேறுபடுவதில்லை என்பதே. இரவுக்கு முன்பு நாம் வைத்திருந்த பிறை முத்திரையைக் கைவிட்டதற்குக் காரணமான நிகழ்வு சிலருக்கு நினைவிருக்கும்: இரத்த அழுத்த மாத்திரை வாங்கிச் சென்ற பாட்டி ஒருவர் அடுத்த மாதம் வந்தபோது உறையில் பாதிக்கு மேல் மாத்திரை மிச்சமிருந்தது. உடைந்த துண்டுகளை உள்ளங்கையில் கொட்டிக் காட்டி, "பாதிதானே போட்டிருக்கு" என்று பிறையைத் தொட்டுக் காட்டினார். அவர் படத்தைச் சரியாகத்தான் பார்த்தார், படம்தான் தவறு.

சாப்பாட்டுக்கு முன், பின் என்பதற்கான படம் இன்னும் கடினமானது. காலி வாழை இலையைக் காட்டினால் "சாப்பிட்டு முடித்தாயிற்று" என்று சிலரும், "இன்னும் பரிமாறவில்லை" என்று சிலரும் சொன்னார்கள். ஆகவே பரிமாறிய இலை முன்னும் மாத்திரை பின்னுமாக அம்புக்குறியிட்ட படம் "சாப்பிட்ட பிறகு" என்பதற்கும், மாத்திரை முன்னும் இலை பின்னுமான படம் "சாப்பிடும் முன்" என்பதற்கும் வைக்கப்படும். படிக்கப் பழகாதவர்கள் படத்தை இடமிருந்து வலமாகப் பார்ப்பார்கள் என்று நம்ப முடியாது; கொடுக்கும்போது அம்புக்குறியின் மேல் விரலை நகர்த்திக் காட்டுவது கட்டாயம்.

அடிக்கடி வழங்கும் மருந்துகளுக்கான வாசகங்கள் வருமாறு.

மெட்ஃபார்மின் 500 மி.கி.
[சேவல்] [இலை → மாத்திரை] காலையில் சாப்பிட்டு முடித்ததும் 1 மாத்திரை.
மதியம் வேண்டாம்.
[பாய்] [இலை → மாத்திரை] இரவு சாப்பிட்டு முடித்ததும் 1 மாத்திரை.

கிளிமிபிரைடு 1 மி.கி.
[சேவல்] [மாத்திரை → இலை] காலையில் சாப்பிட உட்காரும்போது 1 மாத்திரை. போட்டவுடன் சாப்பிட வேண்டும். காலையில் சாப்பிடப் போவதில்லை என்றால் இந்த மாத்திரையையும் போடக் கூடாது.

சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை அபாய அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும் என்பதால், கடைசி வரியை வாயாலும் சொல்லவும். ரமலான் நோன்போ வேறு விரதமோ இருப்பவர் எனத் தெரிந்தால் நாமாக நேரத்தை மாற்றி எழுதாமல், சீட்டுடன் மருத்துவரிடம் திருப்பி அனுப்ப வேண்டும்.

தைராக்ஸின் 50 மைக்ரோகிராம்
[சேவல்] [மாத்திரை → டம்ளர்] காலையில் எழுந்ததும் தண்ணீரில் 1 மாத்திரை. அதன்பின் அரை மணி நேரம் காபி, டீ, பால், சாப்பாடு எதுவும் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் நான்கு மணி நேரம் கழித்தே போட வேண்டும்.

"வெறும் வயிற்றில்" என்று மட்டும் எழுதினால் போதாது. நம் ஊரில் காபி சாப்பாட்டுக் கணக்கில் வராது. காபி குடித்துவிட்டு வெறும் வயிறுதான் என்று மனமறிந்து சொல்பவர்களே அதிகம்.

அமாக்ஸிசிலின் சிரப் (குழந்தைக்கு)
[சேவல்] காலை 6 மணிக்கு 5 மி.லி. [சூரியன்] மதியம் 2 மணிக்கு 5 மி.லி. [பாய்] இரவு 10 மணிக்கு 5 மி.லி. குலுக்கி, பாட்டிலுடன் வரும் மூடியில் அளந்து கொடுக்கவும். காய்ச்சல் விட்டாலும் 5 நாளும் கொடுக்க வேண்டும்.

மூடியில் 5 மி.லி. கோட்டின் மேல் நாமே மார்க்கரால் கறுப்புக் கோடு போட்டுத் தர வேண்டும். வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.

பாராசிட்டமால் 500 மி.கி.
காய்ச்சலோ வலியோ இருந்தால் மட்டும் 1 மாத்திரை. மறுபடி போட ஆறு மணி நேரம் ஆக வேண்டும். ஒரு நாளில் 4 மாத்திரைக்கு மேல் வேண்டாம்.
இதற்குச் சேவல், சூரியன், பாய் எதையும் வைக்கக் கூடாது. வைத்தால் தேவையில்லாத நாளிலும் போடுவார்கள்.

மெதோட்ரெக்சேட் 2.5 மி.கி.
[ஏழு கட்டங்கள், ஒன்றில் மட்டும் 3 மாத்திரை, மற்ற ஆறிலும் சிவப்புக் குறுக்குக்கோடு] வாரத்தில் ஒரே நாள், வியாழக்கிழமை மட்டும், இரவு சாப்பிட்ட பிறகு 3 மாத்திரை. மற்ற ஆறு நாளும் இந்த மாத்திரையைத் தொடக் கூடாது.

இந்த உறையில் தவறு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. தினமும் போட்டால் இரத்த அணுக்கள் உற்பத்தி குன்றிவிடும். ஆகவே நான்கு வாரத்துக்கு 12 மாத்திரைகளை மொத்தமாகக் கொடுக்காமல், மூன்று மூன்றாக நான்கு சிறு உறைகளில் இட்டு வழங்கவும். கிழமையை நாமே விதிக்காமல், அவர் மறக்காத நாள் எது என்று கேட்டு, மருத்துவரின் ஒப்புதலுடன் எழுதவும். மேலே வியாழன் என்று எழுதியிருப்பது இங்கு அன்று வாரச்சந்தை கூடுவதால்தான். கிழமை தெரியாதவருக்கும் சந்தை தெரியும். ஃபோலிக் அமில மாத்திரையும் மஞ்சள் நிறத்தில் இருக்கலாம் என்பதால் அதை வேறு நிற உறையில் இடவும்.

உறையைக் கொடுத்தபின் "புரிந்ததா?" என்று கேட்க வேண்டாம், எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் இதை எப்போது போடுவீர்கள், அம்மா?" என்று கேட்டு, அவர் படத்தைத் தொட்டுச் சொல்லும்வரை உறையை விடாதீர்கள். வரிசை நீளும் திங்கட்கிழமைகளில் இதற்கெனப் பயிற்சி மாணவர் ஒருவர் 3ஆம் எண் கவுன்டரில் தனியே அமர்த்தப்படுவார்.

முத்திரைகளும் நீல மைத்திண்டும் 13.06.2025 வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒவ்வொரு கவுன்டருக்கும் வழங்கப்படும். பழைய பிறை முத்திரைகளை அன்றே கிடங்கில் ஒப்படைத்துக் கையொப்பமிட வேண்டும்.