மின் வர்த்தக மாதிரிகள்: மூன்றாம் வினாவும் விடை விளக்கமும்

உயர்தர மாணவருக்கான தவணைப் பரீட்சை மீட்டல், மட்டக்களப்பு

வினா 3. கீழே நான்கு இணைய முயற்சிகள் விவரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் எந்த மாதிரியைச் சேர்ந்தது எனக் கூறி, காரணம் தருக. (மாதிரிக்கு 2, காரணத்துக்கு 3, மொத்தம் 20 புள்ளிகள்)

(அ) சம்மாந்துறையில் உள்ள அரிசி ஆலை ஒன்றின் இணையத்தளத்தில், பதிவு செய்த கடைகளும் உணவகங்களும் மட்டுமே உள்நுழையலாம். மூடைகளின் எண்ணிக்கை கூடக் கூட விலை குறையும். பணத்தை 30 நாட்களுக்குள் செலுத்தலாம்.

(ஆ) மருதமுனையில் ஒரு நெசவுக் குடும்பம், தான் நெய்யும் சேலைகளையும் சாரங்களையும் தன் சொந்தத் தளத்தில் படத்துடன் விலையிட்டு வீடுகளுக்கு அனுப்புகிறது.

(இ) மட்டக்களப்பு இளைஞர்கள் நடத்தும் ஒரு தளத்தில், சட்டித் தயிர் செய்வோரும் தேன் விற்போரும் மரமுந்திரிகைப் பருப்பு வறுப்போரும் தத்தம் பொருளுக்குத் தாமே விலையிடுகிறார்கள். தளத்தின் கையில் சரக்கு எதுவும் இல்லை. ஒவ்வொரு விற்பனையிலும் 8 சதவீதம் எடுத்துக்கொள்கிறது.

(ஈ) அறுகம்பேயில் ஆறு அறைகள் கொண்ட ஒரு விடுதி, அந்த அறைகளுக்கான முன்பதிவைத் தன் தளத்தில் சுற்றுலாப் பயணிகளிடமிருந்து நேரடியாகப் பெறுகிறது.

விடைகள்

(அ) வணிகத்திலிருந்து வணிகத்துக்கு. மாதிரியைப் பலர் சரியாக எழுதியும் காரணத்தில் புள்ளி இழந்தார்கள். "மொத்தமாக வாங்குவதால்" என்பது காரணம் ஆகாது. கலியாண வீட்டுக்காரர் ஒருவர் விருந்துக்காகப் பத்து மூடை வாங்கினாலும் அவர் நுகர்வோர்தான். கல்லடியில் ஒரு உணவகம் ஒரே ஒரு மூடை வாங்கினாலும், அந்த அரிசி சோறாகி விற்பனைக்குப் போவதால் அது வணிகம் வணிகத்திடம் வாங்குவதே. அளவைப் பார்க்காதீர்கள், வாங்கியவர் அதை எதற்குப் பயன்படுத்துகிறார் என்று பாருங்கள். பதிவு செய்த கடைகள், கடனுக்கான தவணை ஆகியவை துணைச் சான்றுகள். அவற்றை எழுதினால் விடை வலுப்பெறும்.

(ஆ) வணிகத்திலிருந்து நுகர்வோருக்கு. நெய்வதும் விற்பதும் அதே குடும்பம். வாங்குபவர் உடுத்துவதற்கு வாங்குகிறார். இதே தளத்தில் கொழும்புக் கடைக்காரர் ஒருவர் மறுவிற்பனைக்காக அறுபது சாரம் வாங்கினால், அந்தக் கொடுக்கல் வாங்கல் மட்டும் வணிகத்திலிருந்து வணிகத்துக்கு ஆகிவிடும். தறியில் இருந்து இறங்கிய அதே சாரம்தான். அது யார் கைக்கு, என்ன நோக்கத்தோடு போகிறது என்பதே மாறியிருக்கிறது.

(இ) இணையச் சந்தை. அதிகம் பேர் தவறியது இங்கேதான். "தயிர் விற்கிறது, ஆகவே வணிகத்திலிருந்து நுகர்வோருக்கு" என்று எழுதிவிட்டார்கள். தளம் தயிர் விற்கவில்லை. விற்பவரையும் வாங்குபவரையும் சந்திக்க வைக்கிறது. ஒருவர் 2,500 ரூபாய்க்குத் தேன் வாங்கினால் தளத்தின் வருமானம் 2,500 அல்ல, 200 ரூபாய். மீதி 2,300 தேன்காரருடையது. விற்காமல் மீந்த தேனின் நட்டமும் அவருடையதே. பொருளின் உரிமை யாரிடம், விலையை யார் தீர்மானிக்கிறார், வருமானம் எங்கிருந்து வருகிறது என்ற மூன்றையும் எழுதியவர்களுக்கு முழுப் புள்ளி கிடைத்தது.

ஒன்றை மனத்தில் இருத்துங்கள். இணையச் சந்தை என்பது மற்ற இரண்டுக்கும் அருகில் வைக்கும் மூன்றாவது பெட்டி அல்ல. முதல் இரண்டும் யார் யாருக்கு விற்கிறார் என்ற கேள்விக்கு விடை; சந்தை, நடுவில் நிற்பவர் யார் என்ற வேறொரு கேள்விக்கு விடை. 1999இல் சீனாவில் தொடங்கிய அலிபாபா ஒரு சந்தை. ஆனால் அது முதலில் இணைத்தது தொழிற்சாலைகளையும் வியாபாரிகளையும். அதாவது சந்தை, அதே நேரம் வணிகத்திலிருந்து வணிகத்துக்கு. அமேசான் 1995இல் தானே புத்தகம் விற்ற கடை. 2000ஆம் ஆண்டில் வெளி விற்பனையாளருக்கும் இடம் கொடுத்துச் சந்தையாகவும் ஆனது. "அமேசான் எந்த மாதிரி?" என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் விடை எழுதாதீர்கள்.

(ஈ) வணிகத்திலிருந்து நுகர்வோருக்கு. அறைகள் விடுதிக்கே சொந்தம். விற்பது பொருளாக இல்லாமல் சேவையாக இருப்பதால் மாதிரி மாறாது.

வியாழன் வகுப்புக்கு எழுதி வர வேண்டியது: காத்தான்குடியில் ஒரு கடை, துணிகளைத் தன் தளத்தில் விற்கிறது. அண்மையில் அயலிலுள்ள பன்னிரண்டு சிறு தையல்காரர்களுக்கும் அதே தளத்தில் இடம் கொடுத்து, அவர்களின் விற்பனையில் ஒரு பங்கை எடுக்கத் தொடங்கியிருக்கிறது. அத்துடன் தையல்காரர்களுக்கு நூலும் பொத்தானும் தானே விற்கிறது. இத்தளத்தில் எத்தனை மாதிரிகள் உள்ளன? ஒவ்வொன்றுக்கும் பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று அம்புக்குறி வரைந்து காட்டுக.