கஜனுக்கு, பிறந்தநாள் காலையில

கஜன்,

இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கே அனுப்பியிருக்கலாம். ஆனா அந்த நேரம் உங்கட ஃபோன் சத்தம் போட்டா பக்கத்து அறையில அம்மா எழும்பிடுவா எண்டு நீங்க ஒருக்கா சொன்னது ஞாபகம் வந்திட்டு. கோயிலுக்குப் போய், அம்மா போட்ட புக்கையும் சாப்பிட்டு, ஒரு பிளேன்டீயோட ஆறுதலா இருந்து வாசிக்கட்டும் எண்டுதான் இப்ப அனுப்புறன். உடனே பதில் போடத் தேவையில்ல. இண்டைக்குப் பள்ளிக்கூடமும் இரிக்கு, பின்னேரம் ஓ.எல். பிள்ளைகளுக்கு வகுப்பும் இரிக்கு எண்டு தெரியும்.

நீங்க சின்ன வயசுக் கதையொண்டு சொன்னீங்களே, அதத்தான் ரெண்டு மூணு நாளா நினைச்சுக்கொண்டிருக்கன். உங்கட பிறந்தநாள் கிட்ட வரக்குள்ள கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போற சனம் தம்பிலுவிலத் தாண்டி உங்கட ரோட்டால வரும். அம்மா வாசல்ல மேசை போட்டு, வாற ஆக்களுக்கெல்லாம் மோர் ஊத்திக் குடுப்பா. அரோகரா எண்டு சத்தம் கேட்டா, எல்லாரும் உங்கட பிறந்தநாளுக்குத்தான் வாறாங்க எண்டு நினைச்சு புதுச் சட்டையோட ஓடி வந்து நிப்பீங்க எண்டீங்க. அந்தப் பொடியன எனக்குச் சரியான விருப்பம். கிளாசுகளக் கழுவிக் குடுக்கிற வேலையும் உங்களுக்குத்தான் எண்டு சொன்னீங்க பாருங்க, அது இன்னும் விருப்பம். இந்த வருசமும் மேசை போட்டீங்களா? கோமாரி, பொத்துவில், பாணமை, உகந்தை, அதுக்குப் பிறகு குமணைக் காடு. அவ்வளவு தூரம் நடக்கிறவங்க உங்கட வீட்டு மோரக் குடிச்சிட்டுத்தான் போறாங்க. நல்ல நாள் பார்த்துத்தான் பிறந்திருக்கீங்க.

நான் உங்கள முதல்ல கவனிச்சது எப்ப எண்டு இதுவரைக்கும் சொல்லல்ல. களுவாஞ்சிகுடிக் கலியாண வீட்டில நாம கதைக்கத் தொடங்கினது சாப்பாட்டுக்குப் பிறகுதானே. அதுக்கு முன்னமே பார்த்திட்டன். காது கேக்காத ஒரு பெரியவருக்குப் பக்கத்துல இருந்து, மணவறையில என்ன நடக்குது எண்டு ஒவ்வொண்டா அவர்ட காதுக்குள்ள சொல்லிக்கொண்டிருந்தீங்க. தாலி கட்டுற நேரம் சனம் எழும்பி முன்னுக்குப் போக, அவருக்கு மறைக்குது எண்டு அவரைப் பிடிச்சுக்கொண்டு கதிரைய இழுத்துக் கரையில வெச்சீங்க. ஃபோட்டோக்காரன் உங்களக் கூப்பிட்டும் நீங்க போகல்ல. அண்டைக்கு உங்கட பேர் கூட எனக்குத் தெரியாது.

அதுக்குப் பிறகு தெரிஞ்சுகொண்டதும் கொஞ்சம்தான், ஆனா எல்லாம் எனக்குப் பிடிச்ச மாதிரித்தான் இரிக்கு. கல்லடிப் பழைய பாலத்தால நடந்த அண்டு, அப்பப்பா பௌர்ணமி ராவுல தோணியில போய், துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு, மத்த நுனியில காத வெச்சு மீன் பாடுறதக் கேட்டவர் எண்டு சொன்னன். நிறையப் பேர் அதக் கேட்டுச் சிரிச்சுப்போட்டு விட்டிடுவாங்க. நீங்க எந்த மாசம், ஆத்துல எந்த இடம், தண்ணி அசையாம இருக்கணுமா எண்டெல்லாம் கேட்டீங்க. அப்பப்பா இருந்திருந்தா உங்கள விட்டிருக்க மாட்டார், விடிய விடியக் கதைச்சிருப்பார்.

இனி ஒண்டு நேரா சொல்லணும். பிறந்தநாள் அண்டு சுத்தி வளைச்சுக் கதைக்க விருப்பமில்ல.

உங்கள எனக்குப் பிடிச்சிரிக்கு, கஜன். பாமசியில வரிசை முடிஞ்சு கை கழுவிப்போட்டு ஃபோன எடுக்கக்குள்ள உங்கட பேர் கிடந்தா, அண்டைய களைப்புப் போயிடும். பஸ்ல வரக்குள்ள இத உங்களுக்குச் சொல்லணும் எண்டு ஒவ்வொண்டா சேர்த்து வெச்சுக்கொண்டு வாறன். இதெல்லாம் உண்மை. இதுக்கு மேல பெரிய சொல்லுகள் எதையும் இப்ப எழுதல்ல. ஒரு சொல்லச் சொன்னா அதுல நிக்கணும் எண்டு எங்கட வீட்டில வளர்த்திருக்காங்க, எனக்கும் அப்பிடித்தான். நீங்களும் அந்தப் பாலத்துல, "ஆறுதலாப் போவம் வினோ, நம்மள ஆரும் துரத்தல்ல" எண்டீங்க. அதக் கேட்ட பிறகு எனக்கு நெஞ்சுக்குள்ள இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. எங்கட வீட்டில அக்காவுக்கு மட்டும் உங்கட பேர் தெரியும். அவ கேட்டதுக்கும், "நல்ல மனிசன், பழகிப் பார்க்கிறன்" எண்டுதான் சொன்னன். உங்களிட்டயும் அதையேதான் சொல்றன். ஆளுக்கு ஒரு கதை எண்டு என்னட்ட இல்ல.

ஆடி அமாவாசை பற்றியும் யோசிச்சன். அப்பாவுக்காகத் திருக்கோவில் கடல்ல தீர்த்தமாடப் போறது உங்களுக்கு எவ்வளவு பெரிய விசயம் எண்டு அண்டைக்கு உங்கட குரல்லயே விளங்கினது. நீங்க அம்மாவோட அங்க போங்க. நான் எங்கட ஆக்களோட மாமாங்கத்துல நிப்பன். இந்த வருசம் அது அப்பிடியே இருக்கட்டும். ஆனா அண்டு தீர்த்தக்குளத்தடியில நிக்கக்குள்ள உங்கட அப்பாவையும் நினைச்சுக் கும்பிடுவன், அதுக்கு உங்கட சம்மதம் கேக்கல்ல. இண்டைக்கும் அவர் இல்லாத குறை உங்களுக்கு இருக்கும். கதைக்கணும் போல இருந்தா எடுங்க. கதைக்காம இருக்கணும் எண்டா அதுவும் சரிதான், நான் ஒண்டும் தப்பா நினைக்க மாட்டன்.

உங்களுக்கு ஒரு சின்னச் சாமான் வாங்கி வெச்சிருக்கன். என்னத்த வாங்குறது எண்டு நிறைய யோசிச்சன். பின்னேர வகுப்பு முடிஞ்சு நீங்க எடுக்கக்குள்ள ரெண்டு வசனத்துக்கு ஒருக்கா செருமுறீங்க, கவனிச்சீங்களோ தெரியாது. அதான் ஒரு பிளாஸ்க், பேக்குக்குள்ள போற அளவு. கூட, வறுத்து இடிச்ச கொத்தமல்லியும் சுக்கும். அம்மம்மாட்ட இடிச்சு வாங்கினன். காலையில ஊத்தி எடுத்துக்கொண்டு போனா மூணு மணி வகுப்புக்கும் சூடா இருக்கும். சீனி போடாம, பனங்கட்டி கடிச்சுக்கொண்டு குடிங்க. மருந்து குடுக்கிற ஆள் சொல்றன், ரெண்டு கிழமைக்கு மேல அந்தச் செருமல் நிண்டா டொக்டரிட்டக் காட்டணும். அது வேற கதை, அதுக்குப் பிறந்தநாள் எண்டு விட்டுக்குடுக்க மாட்டன்.

இந்தச் சனிக்கிழமை எனக்கு லீவு. உங்களுக்கும் ஏலுமெண்டா கல்முனையில சந்திப்பம், ரெண்டு பேருக்கும் நடுவில. பகல் சாப்பாடு என்ட கணக்கு, அதுல தர்க்கம் வேணாம். அம்மா ஆரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தா, இல்ல பிள்ளைகளுக்கு வகுப்பு இருந்தா, வர ஏலாது எண்டு ஒரு சொல்லுப் போடுங்க, அடுத்த கிழமை பார்ப்பம். பிளாஸ்க் ஓடிப் போகாது.

நல்ல சுகத்தோட இருங்க. நீங்க படிப்பிக்கிற பிள்ளைகள் இந்த முறை கணக்குல உங்கட மனம் குளிரப் பண்ணட்டும். உங்களச் சந்திச்சது எனக்குச் சந்தோசம், கஜன். இண்டைக்கு முழுக்க அந்தச் சந்தோசத்தோடதான் வேலை செய்வன்.

வாறதெண்டா பதினொரு மணி போல பஸ் ஸ்டாண்டடியில நிப்பன். அக்கரைப்பற்றுல பஸ் மாறினதும் சொல்லுங்க, நானும் இங்க இருந்து வெளிக்கிடுறன்.

வினோதினி