மூன்று ஓட்டை பாட்டில்: கணி, கவனி, காரணம் சொல்

ஒன்பதாம் வகுப்பு, இரண்டாவது பீரியட். இந்தத் தாளை வாங்கியதும் பெயரை எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் வேண்டாம், ரப்பர் வேண்டவே வேண்டாம். முதலில் எழுதியதைக் கடைசி வரை யாரும் அழிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் இன்றைக்கு விதி. தப்பாக எழுதியவருக்கு மார்க் குறையாது. காரணம் எழுதாமல் விட்டவருக்குக் குறையும்.

மேசை மேல் இருப்பதைப் பாருங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், கழுத்துப் பகுதியை வெட்டி எடுத்தாகிவிட்டது. அடியிலிருந்து 6 செ.மீ., 12 செ.மீ., 18 செ.மீ. உயரத்தில் மூன்று ஓட்டைகள். ஒரே ஆணியைச் சூடு பண்ணிக் குத்தியவை, அதனால் மூன்றும் ஒரே அளவு. நேர்கோட்டில் இல்லாமல் ஒன்றுக்கொன்று ஒரு விரல் தள்ளி இருப்பது ஏன் என்று இப்போது கேட்காதீர்கள், பார்க்கும்போது உங்களுக்கே தெரியும். மூன்றின் மேலும் ஒரே செலோ டேப். அடியிலிருந்து 24 செ.மீ. உயரத்தில் மார்க்கரால் ஒரு கோடு, அதுவரை தண்ணீர். டேப்பைப் பிரித்ததும் ஒருவர் மேலிருந்து குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார், மட்டம் கோட்டை விட்டு இறங்காது.

முதல் சுற்று: பாட்டில் தரையில்

கணி

1. பாட்டிலை வராண்டாவின் சிமென்ட் தரையில் வைத்து டேப்பை ஒரே இழுப்பில் பிரிக்கப் போகிறேன். தரையைத் தொடும் இடத்தில் எந்த ஓட்டைத் தண்ணீர் பாட்டிலிலிருந்து அதிக தூரத்தில் விழும்? மேல், நடு, கீழ், மூன்றும் ஒரே இடம் என்று நான்கு பதில்கள் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

2. எந்த ஓட்டைத் தண்ணீர் மிகப் பக்கத்தில் விழும்? பலர் முதல் கேள்வியை எழுதியதுமே இதை யோசிக்காமல் நிரப்பிவிடுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள்.

3. மூன்று தாரைகளையும் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று படம் போடுங்கள். தாரை பாட்டிலை விட்டுக் கிளம்பும் இடமும் தரையில் விழும் இடமும் படத்தில் இருக்க வேண்டும். அம்புக்குறி மட்டும் போட்டுத் தப்பிக்க முடியாது.

4. ஏன் அப்படி நினைக்கிறீர்கள்? இரண்டு வரி போதும். "புத்தகத்தில் படம் பார்த்தேன்" என்பதும் ஒரு காரணம்தான், அதுதான் உண்மை என்றால் அதையே எழுதுங்கள். "எங்க வயல் மடையில இப்படித்தான் வரும்" என்றாலும் சரி.

போன வருடம் இதே வகுப்பில் வந்த பதில்கள் சிலவற்றைச் சொல்கிறேன், எது சரி என்று சொல்ல மாட்டேன். ஒருவர், கீழேதான் அழுத்தம் அதிகம், அதனால் கீழ் ஓட்டைதான் என்றார். இன்னொருவர், மொட்டை மாடியிலிருந்து எறிந்த கல் தூரமாகப் போய் விழுகிறது, ஆகவே மேல் ஓட்டை என்றார். மூன்றாமவர், பாட்டில் ஒன்று, தண்ணீர் ஒன்று, ஓட்டையும் ஒரே அளவு, தூரம் மட்டும் எப்படி மாறும் என்று கேட்டார். கடைசி பெஞ்சில் ஒருவர் "நடு" என்று எழுதி, காரணத்தில் "யாரும் அதை எழுதலை, அதான்" என்று எழுதியிருந்தார். காரணத்துக்கு அரை மார்க் கொடுத்தேன், நேர்மைக்காக.

5. இவர்களில் யார் சொன்னதை மறுக்கக் கஷ்டமாக இருக்கிறது? உங்கள் பதிலுக்கு எதிராக இருந்தாலும் எழுதுங்கள்.

பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் பேசலாம். மனசு மாறினால் பழையதை அடிக்காமல் கீழே "இப்போது நான் நினைப்பது" என்று புதிதாக எழுதுங்கள்.

கவனி

6. தண்ணீர் விழுந்ததும் நனைந்த இடத்தில் மூன்று பேர் சாக்பீஸால் குறி போடுவார்கள். பாட்டிலின் சுவரிலிருந்து ஒவ்வொரு குறிக்கும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். தண்ணீர் தெறிக்கும், அதனால் ஈரத்தின் வெளி ஓரத்தை எடுக்காமல் தாரை நேராக விழுகிற நடு இடத்தை எடுங்கள்.

7. எண்களை விடுங்கள், தாரைகளைப் பாருங்கள். பாட்டிலை விட்டு வெளியே வரும் இடத்தில் எது விறைப்பாக, கிட்டத்தட்ட நேராக வருகிறது? எது உடனே வளைகிறது? மேல் தாரையும் நடுத் தாரையும் வழியில் ஒன்றையொன்று தாண்டுகின்றனவா? (விரல் தள்ளி ஓட்டை போட்டது இதற்காகத்தான். நேர்கோட்டில் போட்டபோது இரண்டும் முட்டிக்கொண்டு எல்லார் மேலும் தெறித்தது, அளக்க ஒன்றுமே மிஞ்சவில்லை.)

8. ஊற்றுகிறவர் கையை எடுத்தபின் மட்டம் இறங்க இறங்க என்ன ஆகிறது? எந்தத் தாரை முதலில் சோர்ந்து பாட்டிலின் உடம்போடு வழிகிறது?

காரணம் சொல்

9. கணித்ததும் கண்டதும் ஒத்துப் போனதா? ஒத்துப் போகவில்லை என்றால், உங்கள் காரணத்தில் எந்தப் பகுதி இன்னும் சரி, எந்தப் பகுதி போதவில்லை? "நான் சொன்னது தப்பு" என்று மட்டும் எழுதிவிட்டு உட்காராதீர்கள். கீழே அழுத்தம் அதிகம் என்று எழுதியவர்கள் சொன்னது தப்பே இல்லை. அப்படியிருந்தும் கீழ்த் தாரை ஏன் முந்தவில்லை?

10. இதற்குப் பதில் எழுத இந்த எண்கள் உதவும். கோடு வரை தண்ணீர் இருக்கும்போது, கணக்குப்படி மேல் ஓட்டையிலிருந்து தண்ணீர் நொடிக்குச் சுமார் 1.08 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது, நடுவிலிருந்து 1.53, கீழிலிருந்து 1.88. தரையைத் தொட எடுக்கும் நேரம் மேல் தாரைக்கு 0.19 நொடி, நடுத் தாரைக்கு 0.16, கீழ்த் தாரைக்கு 0.11. வேகத்தையும் நேரத்தையும் பெருக்கிப் பாருங்கள். மேல் ஓட்டைக்கும் கீழ் ஓட்டைக்கும் வரும் விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சாக்பீஸ் குறிகளையும் ஒரு தடவை பாருங்கள்.

11. கணக்கில் நடுத் தாரைக்கு 24 செ.மீ. வரும், மற்ற இரண்டுக்கும் 21-க்குக் கொஞ்சம் குறைவு. நாம் அளந்தது எல்லாமே அதை விடக் குறைவாகத்தான் இருக்கும். தண்ணீர் எங்கே வேகத்தை இழந்திருக்கும்? ஓட்டையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஆழம் கூடினால் வேகம் கூடும் என்பதை இத்தாலிக்காரர் டாரிசெல்லி பதினேழாம் நூற்றாண்டிலேயே கணக்காகச் சொல்லிவிட்டார். வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆழம் 6-லிருந்து 18 ஆகும்போது வேகம் மூன்று மடங்கு ஆகவில்லை, சுமார் 1.7 மடங்குதான் ஆகியிருக்கிறது. விழும் நேரத்துக்கும் இதே வர்க்கமூலக் கதைதான். நம் பாட்டிலுக்கு இரண்டையும் சேர்த்தால்:

தூரம் = 2 × √(ஆழம் × தரையிலிருந்து உயரம்)

ஆழம் என்பது மேலிருக்கும் கோட்டிலிருந்து ஓட்டை வரை.

12. 6 × 18 என்றாலும் 18 × 6 என்றாலும் ஒன்று. இதை வைத்து, மேல், கீழ் தாரைகள் விழுந்த இடத்தைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுங்கள். பிறகு, அடியிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் நான்காவது ஓட்டை போட்டால் அதோடு ஒரே இடத்தில் விழ ஐந்தாவது ஓட்டையை எங்கே போட வேண்டும்?

இரண்டாம் சுற்று: பாட்டில் ஸ்டூல் மேல்

பல புத்தகங்களில் கீழ்த் தாரைதான் தூரமாகப் போவதாகப் படம் இருக்கும். அந்தப் படத்தைப் பொய் என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்தச் சுற்றைப் பாருங்கள்.

13. கணி: அதே பாட்டில், அதே மட்டம். 45 செ.மீ. உயர ஸ்டூலின் ஓரத்தில் வைக்கிறேன், தண்ணீர் கீழே வராண்டாத் தரையில் விழும். இப்போது எது அதிக தூரம்? எது மிகப் பக்கம்? இந்த முறை சூத்திரம் கையில் இருக்கிறது. ஆனால் முதலில் சூத்திரம் இல்லாமல் ஒரு பதில், அப்புறம் போட்டு ஒரு பதில். இரண்டும் மாறினால் நல்லது, எழுத விஷயம் கிடைக்கும்.

14. கவனி: மூன்று தூரங்களையும் அளந்து முதல் சுற்றின் எண்களுக்கு எதிரே எழுதுங்கள். மேல் தாரையும் கீழ்த் தாரையும் எந்த உயரத்தில் குறுக்கிடுகின்றன? ஸ்டூல் பலகையின் மட்டத்தோடு ஒப்பிடுங்கள்.

15. காரணம் சொல்: விழும் உயரம் இப்போது 63, 57, 51 செ.மீ. முதல் சுற்றில் 18, 12, 6. எந்தச் சுற்றில் மூன்று தாரைகளும் கிட்டத்தட்ட ஒரே நேரம் காற்றில் இருக்கின்றன? அப்படியானால் யார் முந்துவார்கள் என்பதை எது தீர்மானிக்கிறது? கணக்குப்படி தூரங்கள் மேலிருந்து சுமார் 39, 52, 61 செ.மீ.

16. புத்தகப் படத்தில் ஒரே ஒரு விஷயத்தைச் சேர்த்தால் அது சரியாகிவிடும். எதைச் சேர்ப்பீர்கள்? படம் போட்டே காட்டுங்கள்.

வயலுக்கு

17. மேட்டூரில் முழு மட்டம் 120 அடி. 1934-இல் கட்டி முடித்த அணை, ஜூன் 12-ஆம் தேதி திறந்தார்களா இல்லையா என்றுதான் நம் டெல்டா முழுக்கப் பேச்சாக இருக்கும். அணைச் சுவர் மேலே குறுகி அடியில் அகன்று இருக்கிறது. இதற்கு விளக்கம் எழுதும்போது, இன்று பார்த்தவற்றில் அழுத்தம் பற்றியது உதவுமா, விழும் தூரம் பற்றியது உதவுமா? ஒன்றுதான் உதவும்.

18. வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடும் நாளில் மடையைத் திறந்தால் பீறிட்டு வருகிறது, மட்டம் இறங்கிய நாளில் அதே மடையில் சோம்பலாக வருகிறது என்று வீட்டில் தாத்தாவோ அப்பாவோ சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எட்டாவது கேள்வியில் பார்த்ததை வைத்து அவர்களிடம் எப்படி விளக்குவீர்கள்? அழுத்தம், வர்க்கமூலம் என்ற சொற்களைப் பயன்படுத்தாமல், வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். இது எனக்குப் பிடித்த கேள்வி, இதை மட்டும் சத்தமாக வாசிக்கச் சொல்வேன்.

அடுத்த வகுப்புக்குக் கணிப்பு மட்டும்

19. மூன்று ஓட்டையிலும் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும் பாட்டிலை மாடிப்படியின் மேலிருந்து கைவிடப் போகிறேன், கீழே பெரிய வாளி இருக்கும். பாட்டில் விழுந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் தாரைகள் எப்படி இருக்கும்: முன்பு போலவே, இன்னும் வேகமாக, மெதுவாக, அல்லது வேறு மாதிரி? எழுதி, மடித்து, கையெழுத்துப் போட்டு மேசை மேல் வைத்துவிட்டுப் போங்கள். வெள்ளிக்கிழமை படி ஏறுவதற்கு முன் பிரித்துப் படிப்போம்.