இரண்டு படி

அப்பாயி போனில் சொன்ன கணக்கு சுலபமானது. ஒரு படி புழுங்கலரிசிக்கு ஓர் உழக்கு உளுந்து. கோயம்புத்தூரில் செல்வியின் வீட்டில் படியும் இல்லை, உழக்கும் இல்லை. பொங்கலுக்கு மன்னார்குடி பக்கம் ஊருக்குப் போனபோது, கோடு போட்ட பிளாஸ்டிக் இரண்டு லிட்டர் குவளை ஒன்றை வாங்கிப் போனாள்.

பித்தளை உழக்கில் அரிசியை நிரப்பித் தலைதட்டிக் குவளையில் கொட்டினாள். ஏறக்குறைய 335 மில்லி. நாலு உழக்கு ஒரு படி என்றால் 1,340 மில்லி வர வேண்டும். இரும்புப் படியை அளந்தாள். 1,240 தான் வந்தது. மறுபடியும் அளந்தாள். அதேதான்.

"அப்பாயி, உங்க படி பொய் சொல்லுது."

"எதை எடுத்த? பரண்ல இருந்ததா? அது கூலிப்படி. நல்ல படி அரிசிப் பானைக்குள்ள கிடக்கு பாரு."

இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். ஒரே உயரம், ஒரே வாய். உள்ளே கையை விட்டுப் பார்த்தபோதுதான் கூலிப்படிக்குள் அடியில் இன்னொரு தகடு பற்றவைத்திருப்பது தெரிந்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் வருகிறவர்களுக்கு நெல் அளந்த படி அது. 1956-ல் மெட்ரிக் சட்டம் வந்து கடைகளில் கிலோவும் லிட்டரும் புழங்க ஆரம்பித்த பிறகும் இந்த வீட்டுக் களத்தில் படிதான்.

"யாரு வச்ச தகடு?"

"எங்க மாமியா. நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடியே."

"நீங்களும் இதுலதான் அளந்தீங்களா?"

"பின்ன? சாவி அவுங்க இடுப்புல இருந்துச்சு."

செல்வி ஒன்றும் பேசவில்லை. அப்பாயி கூலிப்படியை வாங்கி அரிசிக்குள் அமுக்கி எடுத்தாள். தலைதட்டவில்லை. விளிம்புக்கு மேல் கூம்பாக ஏற்றி, ஒரு மணி சிந்தாமல் நீட்டினாள். "லாபம்" என்றாள். முதல் படியை ஒன்று என்று எண்ணுவதில்லை.

செல்வி குவளையில் கொட்டினாள். 1,350.

"உங்க மாமியாருக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? பத்தாயத்துல நெல்லு குறையுமே. கை தாராளமாப் போவுதுன்னு ஒரு தடவை சொன்னாங்க. நான் வாயத் தொறக்கல. அதுக்கப்புறம் அளக்கும்போது அவுங்க களத்துப் பக்கமே வர்றதில்ல."

"தகட்டை எடுத்திருக்கலாமே?"

"எடுத்தா வீட்ல சண்டை. குவிச்சா யாருக்குத் தெரியும்? நான் காய்ச்சல்ல படுத்த அன்னிக்கு மட்டும் அவுங்க அளந்தாங்க. அன்னிக்கு வாங்கிட்டுப் போனவங்களுக்கு நட்டந்தான்."

அப்பாயி கூலிப்படியை ஓரமாகத் தள்ளினாள். "சரி, எழுதிக்க. அரிசி 1,340, உளுந்து 335. ரெண்டும் தலைதட்டி. வெந்தயத்துக்கு லிட்டர் கேக்காத, ரெண்டு ஸ்பூன் போடு."