மதுரை பழைய நகர் நடைவழிப் படம்: பெயர் பொறிக்கும் விதிகள்

ஏ3 தாள், அளவை 1:5000. வரைபவர், பிழை பார்ப்பவர் இருவருக்கும் இவை பொருந்தும்.

இரண்டு பெயர்கள் மோதினால் பின்வரும் வரிசையில் முந்தியது நிற்கும்: மதுரை சந்திப்பு, பெரியார் பேருந்து நிலையம், காவல் நிலையங்கள், பிறகு மீனாட்சி அம்மன் கோயிலும் அதன் நான்கு வெளிக்கோபுரங்களும், பிறகு திருமலை நாயக்கர் மகால், கூடலழகர் கோயில், பிறகு வீதிகள், கடைசியில் சந்துகள், விடுதிகள். வழி தவறியவர் முதலில் தேடும் இடமே முதலில் நிற்க வேண்டும். தோற்ற பெயரை நகர்த்திப் பாருங்கள். இடமே இல்லையென்றால் நீக்கிவிடுங்கள். எழுத்தைச் சிறிதாக்கி நுழைக்காதீர்கள். 7 புள்ளிக்குக் கீழே 'ணி', 'ணீ' வேறுபாடு மறைந்துவிடும்.

வீதிப் பெயர்களில்தான் இந்தப் படத்தின் சிக்கல் முழுவதும் இருக்கிறது. சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காகச் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு திசைக்கும் ஒரு வீதி. பதினாறு பெயர்களில் பாதிக்கு மேல் ஒரே சொற்கள் திரும்ப வருகின்றன. ஆகவே 'கிழக்கு', 'மேற்கு' என்ற திசைச்சொல்லை ஒருபோதும் சுருக்கக் கூடாது. இடம் போதாவிட்டால் 'வீதி' என்பதை 'வீ.' ஆக்கலாம். அடுத்தடுத்த வீதிகளின் பெயர்கள் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது. ஒன்று வீதியின் நடுவில் நின்றால் மற்றது முனைப்பக்கம் தள்ளி நிற்கட்டும். இல்லையேல் கண் ஒரு வீதியிலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடும். வடக்குத் தெற்காக ஓடும் வீதிகளில் எல்லாப் பெயரும் கீழிருந்து மேலாக வாசிக்கும்படி இருக்க வேண்டும். ஆடி வீதிகள் கோயில் மதிலுக்குள் இருப்பவை. அவற்றின் பெயர் மதில்கோட்டைத் தாண்டக் கூடாது.

புள்ளியாகக் குறித்த இடத்துக்குப் பெயர் வலப்பக்கம் சற்று மேலே. அங்கே இடமில்லையென்றால் வலம் கீழே, இடம் மேலே, இடம் கீழே. பெயரும் புள்ளியும் வீதிக்கோட்டின் இரு பக்கம் பிரியக் கூடாது. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபமும் இராய கோபுரமும் நெருங்கி நிற்பதால், அங்கு மட்டும் பெயர்களைக் கிழக்கே தள்ளி மெல்லிய சுட்டுக்கோடு போடலாம். கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. ஆகவே முக்கியத்துவத்தைத் தடிமனாலும் அளவாலும் மட்டுமே காட்ட முடியும்: மூன்று அளவு, இரண்டு தடிமன், அதற்கு மேல் வேண்டாம். எழுத்திடைவெளியை விரிக்கும்போது 'கொ'வின் கொம்பும் காலும் பிரியாமல் பாருங்கள். நீண்ட பெயரைச் சொல் முடிவில் மட்டும் மடக்குங்கள்: 'திருமலை' மேல்வரி, 'நாயக்கர் மகால்' கீழ்வரி. மேல்வரியின் 'ு', 'ூ' கீழ்வரியின் 'ி', 'ீ' மீது இடிக்காத அளவு வரியிடைவெளி வேண்டும்.

வைகையின் பெயர் நீலத்தில், ஆற்றின் வளைவை ஒட்டி, பாலங்களைத் தொடாமல்.

அரசு இராசாசி மருத்துவமனை வடகரையில், படத்துக்கு வெளியே விழுகிறது. வடக்கு விளிம்பில் அம்புக்குறியுடன் அதன் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும்; வேறு எந்தப் பெயருக்காகவும் அதை நகர்த்தக் கூடாது.

அச்சுக்குப் போகுமுன் கறுப்பு வெள்ளையில் ஒரு நகல் எடுங்கள். மதுரைக்குப் புதியவர் ஒருவரிடம் கொடுத்து, மேற்கு மாசி வீதியையும் மேற்கு ஆவணி மூல வீதியையும் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அந்தப் பகுதியின் பெயர்களை மீண்டும் அமைக்க வேண்டும்.