வரலாறு அலகுத் தேர்வு: இத்தாலி, ஜெர்மனி ஒருங்கிணைப்பு

நேரம்: 45 நிமிடம். மதிப்பெண்: 25

1. 1834இல் பிரஷ்யாவின் தலைமையில் உருவான சுங்க ஒன்றியத்தில் ஆஸ்திரியா சேரவில்லை. இது பின்னாளில் பிரஷ்யாவுக்கு எவ்வாறு வலுச் சேர்த்தது? (5)

2. 1849இல் பிராங்பர்ட் நாடாளுமன்றம் அளித்த மணிமுடியை நான்காம் பிரடெரிக் வில்லியம் ஏன் மறுத்தார்? (3)

3. 1860இல் கரிபால்டி ஏறத்தாழ ஆயிரம் தன்னார்வலர்களுடன் சிசிலியில் இறங்கினார். குடியரசுவாதியாக இருந்தும், தாம் வென்ற தெற்கு இத்தாலியை மன்னர் இரண்டாம் விக்டர் இம்மானுவேலிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டில் கவூர் நீஸையும் சவாயையும் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தார். நீஸ், கரிபால்டி பிறந்த ஊர். இவ்விருவரில் இத்தாலி யாருக்கு அதிகம் கடன்பட்டிருக்கிறது? ஆண்டுகளை அடுக்கினால் போதாது. துணிந்து ஒரு நிலைப்பாடு எடுத்து வாதிடுங்கள். (12)

4. ஜெர்மன் பேரரசு 1871இல் பெர்லினில் அல்லாமல் வெர்சாய் அரண்மனையில் பிரகடனம் செய்யப்பட்டது ஏன்? (5)